அல்ல, இல்லை: ஹாங்காங்கில் படித்த பாடம்

மகன் குடும்பம் ஹாங்காங்கில் இருக்கிறது. போன வருஷம் மூன்று மாதம் அங்கே போய் இருந்தேன். எதிர் ஃபிளாட்டில் ஒரு சீனப் பாட்டி. என் வயதுதான் இருக்கும். ஒரு நாள் கிண்ணத்தில் பன்றிக்கறி சூப் கொண்டுவந்து நீட்டினார். மனைவி போனதிலிருந்து நான் கறி சாப்பிடுவதில்லை. பேரன் சொல்லிக்கொடுத்த நாலைந்து கான்டனீஸ் சொற்களைக் கோத்து, "ஙோ மோவ் சிக் யுக்" என்றேன். பாட்டி தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் இன்னும் பெரிய கிண்ணம் வந்தது!

பள்ளியிலிருந்து வந்த பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். "தாத்தா, நீங்க 'நான் கறி சாப்பிடலை'ன்னு சொல்லியிருக்கீங்க. பாவம், இன்னிக்குக் கிடைக்கலை போலன்னு நினைச்சுட்டாங்க."

அன்று மாலை நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். முதலில் ஆட்களைக் குறிக்கும் சொற்கள். 'ஙோ' என்றால் நான், 'நேய்' என்றால் நீ, 'கொய்' என்றால் அவன், அவள், அது எல்லாமே. மூன்றும் தாழ்ந்த குரலில் தொடங்கி மேலே ஏறும். பின்னால் 'தேய்' சேர்த்தால் பன்மை. 'ஙோதேய்' என்பது நாமும்தான், நாங்களும்தான். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு 'து', 'வூ' என்று நீ, நீங்கள் பிரித்தே பழக்கம். கோயமுத்தூருக்கு வேலைக்கு வந்த பிறகு ஒவ்வொரு சொல்லோடும் 'ங்க' ஒட்டிக்கொண்டது. இங்கேயோ பாட்டியும் 'நேய்', பேரனும் 'நேய்'. கூசத்தான் செய்தது. ஆனால் வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறுவதே இல்லை. 'சிக்' என்றால் சாப்பிடு. யார் சாப்பிட்டாலும் 'சிக்'தான்.

சிக்கல் மறுப்பில்தான். அதற்கு இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று, உதட்டை மூடித் தாழ்ந்த குரலில் சொல்லும் வெறும் 'ம்'. நம் ஊரில் 'ம்' என்றால் சம்மதம். அங்கே அது மறுப்பு. ஆனால் அது தனியாக நிற்காது, வினைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டுதான் வரும். 'ஙோ ம் சிக் யுக்' என்றால் 'நான் கறி சாப்பிடுவதில்லை', 'சாப்பிடமாட்டேன்'. நான் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.

இன்னொன்று 'மோவ்'. இதுவும் கீழிருந்து மேலே ஏற வேண்டும். இறக்கிவிட்டால் ரோமம் என்று அர்த்தமாகிவிடும். 'யவ்' என்பது உண்டு. அதன் மறுப்பு 'ம் யவ்' அல்ல, 'மோவ்'. 'ஙோ மோவ் ச்சின்' என்றால் 'என்னிடம் பணம் இல்லை'. இதே 'மோவ்' வினைக்கு முன்னால் வந்தால் நடக்காமல் போனதைச் சொல்லும். 'மோவ் சிக்' என்றால் சாப்பிடவில்லை. (இன்னும் சாப்பிடவில்லை என்றால் 'மேய் சிக்', அது வேறு.)

எழுதிப் பார்த்தபோதுதான் பொறி தட்டியது. முப்பது வருஷம் ஃபைலில் நான் எழுதியதுதானே இது? 'இந்த நிலம் புறம்போக்கு அல்ல' என்று எழுதுவோம். 'மனுதாரரிடம் பட்டா இல்லை' என்று எழுதுவோம். முன்னது ஒன்று இன்னதல்ல என்பது. கான்டனீஸில் அது 'ம் ஹை'. பின்னது ஒன்று கைவசம் இல்லை என்பது, அது 'மோவ்'. 'பணம் இல்லை', 'சாப்பிடவில்லை' இரண்டிலும் நமக்கு ஒரே 'இல்லை' வருகிற மாதிரி, அங்கேயும் ஒரே 'மோவ்' வருகிறது. பேச்சில் நாம் எல்லாவற்றுக்கும் 'இல்லீங்க' போட்டுவிடுவதால்தான் தடுமாறுகிறோம். ஃபைல் தமிழில் யோசித்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

பாதிதான். மறுநாள் கிண்ணத்தைக் கழுவி, உள்ளே நாலு ஆரஞ்சு வைத்து எடுத்துக்கொண்டு போனேன். "ஙோ ம் சிக் யுக்" என்றேன். பாட்டிக்குப் புரிந்துவிட்டது, முகம் கொஞ்சம் வாடியது. ஏன் என்று சைகையில் கேட்டார். போனில் மனைவியின் படத்தைக் காட்டினேன். 'அவள் இல்லை' என்று சொல்ல வேண்டும். 'கொய் மோவ்' என்று வாய் வரை வந்துவிட்டது. ஆனால் அது 'அவளிடம் இல்லை' என்றாகிவிடும். எது இல்லை என்று பாட்டி காத்திருப்பார்.

பக்கத்தில் நின்ற பேரன் மெதுவாகச் சொன்னான்: "கொய் ம் ஹை தோவ்." ஓரிடத்தில் இருப்பதைச் சொல்லவும் ஒரு 'ஹை' உண்டு, அதைக் குரல் ஏற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு மறுப்பு 'ம்'தான். அவள் இங்கே இல்லை. இறந்துபோனதை அவர்களும் அப்படித்தான் சொல்வார்களாம்.

நானும் அதையே திருப்பிச் சொன்னேன். பாட்டி ஆரஞ்சை வாங்கிக்கொண்டு, என் கையைச் சற்று நேரம் பிடித்திருந்தார்.

மறுநாளும் கிண்ணம் வந்தது. உள்ளே டோஃபுவும் கீரையும்.