சதவீதமா, மிச்சமா?

ஆலைக் குழுமம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்த காலத்தில், யூனிட் மேலாளர்களின் போனஸை ஆர்.ஓ.ஐ. சதவீதத்தை வைத்துத்தான் தீர்மானித்தோம். யூனிட்டின் லாபத்தை, அதில் போட்டிருக்கும் முதலால் வகுத்தால் அந்தச் சதவீதம் வரும். 1910-களில் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் டொனால்ட்சன் பிரவுன் என்பவர் வளர்த்தெடுத்த முறை இது.

எங்கள் யூனிட் ஒன்றின் கதையைச் சொல்கிறேன். கணக்குப் புரிவதற்காக எண்களை முழுசாக்கியிருக்கிறேன். முதல் 2 கோடி, லாபம் 50 லட்சம். அதாவது 25 சதவீதம். 40 லட்சத்தில் ஒரு ஆட்டோகோனர் வாங்கினால், தேய்மானம் போக ஆண்டுக்கு 7.2 லட்சம் கூடுதல் லாபம் வரும். அது 18 சதவீதம். குழுமத்துக்குப் பணத்தின் செலவோ 12 சதவீதம்தான். வாங்கியிருக்க வேண்டாமா? மேலாளர் வாங்கவில்லை. வாங்கினால் லாபம் 57.2 லட்சம், முதல் 2.4 கோடி, சதவீதம் 23.8 ஆக இறங்கிவிடும். போனஸும் கூடவே இறங்கும். அவர் கெட்டிக்காரர். நாங்கள் கொடுத்த அளவுகோலுக்குத் தகுந்தபடி நடந்துகொண்டார், அவ்வளவுதான்.

இதற்கு மாற்று, ரெசிடுவல் இன்கம் என்கிற மிச்ச வருமானம். லாபத்திலிருந்து முதலுக்கான வட்டியைக் கழித்து, மிஞ்சுவதை ரூபாயில் பார்ப்பது. மெஷின் வாங்குவதற்கு முன் 50 லட்சத்தில் 24 லட்சம் போக 26 லட்சம். வாங்கிய பின் 57.2-இல் 28.8 போக 28.4 லட்சம். மிச்சம் 2.4 லட்சம் கூடுகிறது. இந்த அளவுகோலில் மேலாளரின் நலனும் குழுமத்தின் நலனும் ஒரே பக்கம் நிற்கின்றன.

ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. அதே மேலாளர் எதுவும் வாங்காமல் சும்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேய்மானத்தால் ஏட்டு மதிப்பு 2 கோடியிலிருந்து 1.8 கோடியாகக் குறைகிறது. லாபம் அதே 50 லட்சம். ஆர்.ஓ.ஐ. 27.8 சதவீதமாக ஏறிவிடும். மிச்ச வருமானமும் 50-இல் 21.6 போக அதே 28.4 லட்சம்! புது மெஷின் வாங்கியவருக்கும், பழைய மெஷினைத் துருப்பிடிக்க விட்டவருக்கும் ஒரே மதிப்பெண்.

இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. நிலையான சொத்துப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். சேர்க்கை என்ற பத்தி காலியாக இருந்து, லாபமும் நகராமல், அளவுகோல் மட்டும் ஏறினால் அது மேலாளரின் திறமை அல்ல, மெஷினின் வயது. முதலை ஏட்டு மதிப்பில் எடுக்காமல், வாங்கிய விலையிலேயே எடுத்தால் இந்தப் பொய் ஏற்றம் நின்றுவிடும். மிச்ச வருமானத்தை அப்படிக் கணக்கிட்டு, சொத்துப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் என் கட்சி.