நாலு கோடு, ஒரு சதுரம்

மார்சிலிங் எம்ஆர்டியில் இறங்கி என் புளோக்குக்கு நடக்கும் வழியில் ஒரு கோப்பிக் கடை இருக்கிறது. நைட் ஷிஃப்ட் முடிந்த காலைகளில் அங்கேதான் அண்ணனைப் பார்ப்பேன். அவர் ஜொகூர்காரர், தினமும் காஸ்வே தாண்டி வருகிறவர். எங்கள் கம்பெனியில் சிலிக்கான் படிகம் இழுக்கும் பிரிவில் பதினெட்டு வருடம். நான் எபி பிரிவில் நாலு வருடம். அவர் இழுத்த படிகத்தை அறுத்து, தேய்த்து, பளபளப்பாக்கினால் வேஃபர். அந்த வேஃபரின் மேல் இன்னும் சுத்தமான ஒரு சிலிக்கான் படலத்தை வளர்ப்பது என் வேலை. போன வருடம் அவரைப் பற்றி நான் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அவர் வேலை. குவார்ட்ஸ் பாத்திரத்தில் சிலிக்கான் துண்டுகளைப் போட்டு, ஆர்கான் வாயு ஓடும் உலையில் 1414 டிகிரிக்கு மேல் உருக்குகிறார்கள். பென்சில் போன்ற ஒரு விதைப் படிகத்தை மேலேயிருந்து இறக்கி உருகலைத் தொடவைத்து, சுற்றிக்கொண்டே மெல்ல மேலே தூக்குகிறார்கள். உருகல் விதையின் அடியில் உறையும்போது அதன் அணு வரிசையை அப்படியே பின்பற்றுகிறது. போலந்துக்காரரான யான் சொக்ரால்ஸ்கி 1916இல் கண்டுபிடித்த முறை இது. மைக்கூட்டில் தொடவேண்டிய பேனாவைத் தவறுதலாக உருகிய ஈயத்தகரத்தில் தோய்த்தார், நிப்பில் ஒரு கம்பி ஒட்டிக்கொண்டு வந்தது என்று அதற்கு ஒரு கதையும் சொல்வார்கள்.

சிக்கல் தொடும் அந்த நொடியில்தான். கொதிக்கும் உருகல் பட்டதும் விதைக்குள் வெப்ப அதிர்ச்சி. அணு வரிசை இங்குமங்கும் நழுவிப் பிசகுகள் உண்டாகும். விதையில் பிசகு இருந்தால் அது படிகம் முழுக்க இறங்கும். இதற்கு 1950களின் இறுதியில், ஜெனரல் எலக்ட்ரிக்கில் இருந்த வில்லியம் டாஷ் ஒரு வழி கண்டார். தொட்டவுடன் வேகமாக இழுத்து, மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனில் ஒரு மெல்லிய கழுத்தை வளர்க்கவேண்டும். பிசகுகள் ஓடும் தளங்கள் இழுக்கும் திசைக்குச் சாய்ந்தவை. அதனால் அவை நேராகக் கீழே இறங்காமல் பக்கவாட்டில் சாய்ந்து போய், கழுத்தின் ஓரத்தை முட்டி வெளியேறிவிடும். பிசகு தீர்ந்ததும் வேகத்தைக் குறைத்து, தோள் போல விரித்து, பிறகு உடல். 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள படிகம் ஒரு மீட்டருக்கு 73 கிலோ. நூறு கிலோவுக்கும் மேலான எடை அந்த மெல்லிய கழுத்தில் தொங்குகிறது.

பிசகு இல்லை என்று உள்ளே போய்ப் பார்க்காமல் எப்படித் தெரியும்? சரியாக வளரும் படிகத்தின் மேல், தோளிலிருந்து கீழே வரை, நாலு பக்கமும் நாலு மெல்லிய கோடுகள் ஓடும். உலையின் சின்ன ஜன்னல் வழியாக, சுற்றும் படிகத்தில் அவை ஒவ்வொன்றாகக் கடந்துபோவதைப் பார்க்கலாம். பாத்திரச் சுவரிலிருந்து உதிர்ந்த ஒரு குவார்ட்ஸ் துணுக்கு உறையும் இடத்தில் மாட்டினால் போதும், அணு வரிசை குலையும், கோடுகள் மறையும். 900 மில்லிமீட்டரில் கோடு போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்றால் பதினைந்து மணிநேர உழைப்பு. அதோடு, பிசகு அந்த இடத்தில் நிற்காது. இன்னும் சூடாக இருக்கும் பகுதிக்குள், கிட்டத்தட்ட ஒரு விட்டம் தூரத்துக்கு, மேல்நோக்கியும் ஏறும். ஆக 900இல் தேறுவது சுமார் 700தான்.

இப்போது என் பக்கம். அறைக்குள் வேஃபரை வைத்து, ஹைட்ரஜனில் சூடாக்கி, மேலே இருக்கும் ஆக்சைடு தோலை நீக்கிவிட்டு, 1100 டிகிரி வாக்கில் ட்ரைகுளோரோசிலேன் வாயுவை விடுகிறோம். சிலிக்கான் அணுக்கள் அடியிலுள்ள வரிசையின் மேல் படிந்து வளரும். நிமிடத்துக்கு 2 மைக்ரான், இரண்டு நிமிடத்தில் 4 மைக்ரான். அடியில் பிசகு இருந்தால் என் படலமும் அதையே நகலெடுக்கும்.

போன வருடம் ஒரு வாரம் லேசர் ஸ்கேனர் படங்களில் புள்ளிகள் கூடிக்கொண்டே போயின. வாடிக்கையாளருக்குப் போகவேண்டிய லாட் நின்றுவிட்டது. காரணம் கேட்டார்கள். "அடித்தளப் படிகத்திலேயே குறை இருக்கலாம்" என்று எழுதி அனுப்பினேன். ஒரு வரிதான். அந்தப் படிகத்தை இழுத்தது அண்ணன் என்று எனக்குத் தெரியும். மறுநாள் அவரை மீட்டிங்கில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள்.

வெளியே வந்து என்னிடம், "தம்பி, நாலு கோடும் வால் வரைக்கும் இருந்துச்சு. நான் பாத்தேன்" என்றார். கோபம் இல்லை. அதுதான் எனக்கு என்னமோ மாதிரி இருந்தது.

அன்று ராத்திரி நாலு வேஃபரை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். எழுதுவதற்கு முன்பே செய்திருக்கவேண்டிய வேலை. புள்ளிகள் எல்லாம் குட்டிக் குட்டிச் சதுரங்கள். அடுக்குப் பிழைகள். வளரும் பரப்பில் ஒரு தூசு விழுந்தால் அந்தப் புள்ளியிலிருந்து தலைகீழ்ப் பிரமிடு போலப் பிழை விரிந்துகொண்டே மேலே வரும், பரப்பில் அது சதுரமாகத் தெரியும். பிரமிடின் சுவர்கள் எப்போதும் ஒரே கோணத்தில் சாய்வதால் கணக்கு எளிது: சதுரத்தின் பக்கம் என்பது பிழை தொடங்கியபின் வளர்ந்த தடிமனைப் போல 1.41 மடங்கு.

என் படலம் 4 மைக்ரான். பிழை வேஃபரின் பரப்பிலேயே தொடங்கியிருந்தால் சதுரத்தின் பக்கம் 5.7 மைக்ரான் வரவேண்டும். அளந்தேன். 2.8. 3.5. 2.1. நாற்பது சதுரம் அளந்தேன், ஒன்றுகூட 5.7ஐத் தொடவில்லை. 2.8 என்றால் அதன் மேல் வளர்ந்தது 2 மைக்ரான். அதாவது வளர்ச்சி முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது அந்தத் தூசு விழுந்திருக்கிறது. அடுத்தடுத்த வேஃபர்களில் ஒரே இடத்தில் வரவும் இல்லை. படிகக் குறையாக இருந்தால் ஒரே படிகத்திலிருந்து அறுத்த பக்கத்துப் பக்கத்து வேஃபர்களில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்திருக்கும்.

விழுந்தது என் அறையின் கூரையிலிருந்து. குவார்ட்ஸ் சுவரிலும் சிலிக்கான் கொஞ்சம் படியும். ஹைட்ரஜன் குளோரைடு விட்டு அதை அரித்துச் சுத்தம் செய்யவேண்டும். லாட் அவசரம் என்று அந்தச் சுத்தத்தை இரண்டு வேஃபருக்கு ஒருமுறை என்பதிலிருந்து ஐந்துக்கு ஒருமுறையாகத் தள்ளியது நான். தடித்துப்போன படிவு உரிந்து கொட்டியிருக்கிறது.

காலையில் எல்லோருக்கும் இரண்டாவது மின்னஞ்சல் போட்டேன். அளவுகள், படங்கள், சுத்தத்தைத் தள்ளியது யார் என்பது, எல்லாம். மேனேஜர் கூப்பிட்டுத் திட்டினார். அது நியாயம்தான். அனுப்பிய பிறகும் கோப்பிக் கடையில் அண்ணன் முன்னால் போய் உட்கார எனக்கு இரண்டு நாள் ஆனது.

"மன்னிச்சிருங்கண்ணே. பாக்காம எழுதிட்டேன்."

அவர் கோப்பியைக் கலக்கிக்கொண்டே, "அந்தச் சதுரம் எப்படி அளக்குறது, காட்டு" என்றார். டிஷ்யூத் தாளில் பிரமிடை வரைந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சாய்ந்த சுவர் ஒன்றின்மேல் விரல் வைத்தார்.

"இந்தச் சாய்வு தானே கழுத்துல பிசகை வெளிய தள்ளுறதும்?"

ஆமாம், அதே தளங்கள்தான். நாலு வருடமாக இரண்டையும் தனித்தனியாகப் படித்து வைத்திருந்த எனக்கு அது தோன்றியதே இல்லை.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். காஸ்வேயில் கூட்டம் சேரும் முன் கிளம்பவேண்டும் என்றார். கோப்பிக்கு அவரே காசு கொடுத்தார்.