தோள் நுனியில் வலி: விழுந்த பிறகு என்ன செய்யணும்?

பைக்குல வழுக்கி, கையை ஊன்றாம நேரா தோள்லயே விழுந்தீங்களா? தோள்பட்டையோட உச்சியில, காறை எலும்பு வந்து முடியுற இடத்துல, ஒரே ஒரு விரலால "இங்கதான்"னு காட்டுற மாதிரி வலிக்குதா? அப்படின்னா இந்த இழை உங்களுக்குத்தான். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

அந்த இடத்துல ஒரு சின்ன மூட்டு இருக்கு. காறை எலும்பும் தோள்பட்டை எலும்போட மேல்நுனியும் சந்திக்கிற இடம். நாங்க ஏசி ஜாயின்ட்னு சொல்வோம் (குளிர்சாதனம் இல்லீங்க, அக்ரோமியோ-கிளாவிகுலர்ங்கிறதோட சுருக்கம்). கை சுழலுற பெரிய பந்துக்கிண்ண மூட்டு இதுக்குக் கீழ இருக்கு, அது வேற. பெரிய மூட்டு நழுவினா கையை அசைக்கவே விடமாட்டீங்க, தோளோட உருண்டை வடிவமே போயிடும். ஏசி ஜாயின்ட்ல அடின்னா கை ஓரளவு அசையும். ஆனா அடிபட்ட கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுபோய் எதிர்த் தோளைத் தொடச் சொன்னா "ஐயோ"ன்னு கத்துவீங்க.

மேல போறதுக்கு முன்னாடி ஒண்ணு. விழுந்த பிறகு தோள் நுனி வலிக்குது, ஆனா அங்க அழுத்தினா வலி கூடல, கையை எல்லாப் பக்கமும் சுலபமா அசைக்க முடியுது. இப்படி இருந்தா, அதுவும் இடது பக்கம்னா, வலி தோள்ல இருந்து வராம இருக்கலாம். ஹேண்டில்பார் வயித்துல குத்தி மண்ணீரல் கிழிஞ்சு ரத்தம் கசிஞ்சா, அது உதரவிதானத்தை உறுத்தும். உதரவிதானத்துக்கும் தோள் நுனிக்கும் நரம்பு கழுத்துல ஒரே இடத்துல இருந்து வர்றதால மூளை ஏமாந்துடும், வலி தோள்ல தெரியும். கூடவே வயித்து வலி, தலைசுத்தல், வியர்வை இருந்தா ஸ்லிங் தேடாதீங்க. நேரா எமர்ஜென்சிக்குப் போங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். கருக்களாச்சேரியில இருந்து ஒரு மீனவர் வந்தார், நாற்பதை நெருங்குற வயசு, விசைப்படகுல வேலை. மீன்பிடித் தடைக்காலம், மே முதல் வாரம். ரோட்டுல கடல் மணல் பரவிக் கிடந்த இடத்துல பைக் சறுக்கி, வலது தோள்ல விழுந்திருக்கார். வந்தது மூணாம் நாள். நடுவுல யாரோ எண்ணெய் போட்டு உருவி, "ஏறின எலும்பை" கீழ அமுக்கிப் பார்த்திருக்காங்க. வீக்கம் ரெண்டு மடங்கு.

"சார், எலும்பு மேல ஏறிக்கிச்சு. எறக்கி விடுங்க சார்."

நிறைய பேர் இப்படித்தான் நினைக்கிறாங்க. உண்மையில எலும்பு ஏறல, தோள் எறங்கியிருக்கு. காறை எலும்பு கிட்டத்தட்ட அதே இடத்துலதான் நிக்குது. அதைத் தோளோட கட்டி வச்சிருந்த லிகமென்ட் கிழிஞ்சதும், கையோட எடை தோளைக் கீழ இழுக்குது. அதனால எலும்பு துருத்திக்கிட்டுத் தெரியுது. மேல இருந்து அமுக்குறதால பிரயோஜனம் இல்ல, முழங்கையைக் கீழ இருந்து தாங்கணும். ஆர்ம் ஸ்லிங் செய்யுற வேலை அவ்வளவுதான்: கையோட எடையைக் கழுத்துக்கு மாத்தி விடுறது. முழங்கை தொங்குற மாதிரி லூஸா மாட்டினா மாட்டாததுக்குச் சமம்.

ரெண்டு தோளையும் சேர்த்து எக்ஸ்ரே எடுத்தோம். நல்ல பக்கத்தோட ஒப்பிட்டாத்தான் எவ்வளவு விலகல்னு தெரியும். எலும்பு முறிவு இல்ல, லேசான விலகல். இங்க லிகமென்ட் ரெண்டு அடுக்கு. மூட்டை ஒட்டி மெல்லிசா ஒண்ணு, கீழ இருந்து காறை எலும்பை இழுத்துப் பிடிக்கிற தடிச்ச கயிறு மாதிரி இன்னொண்ணு. மெல்லிசு இழுபட்டா முதல் நிலை. அது கிழிஞ்சு, கயிறு இழுபட்டதோட நின்னா ரெண்டாம் நிலை. ரெண்டுமே அறுந்தா மூணாம் நிலை. இவருக்கு ரெண்டாம் நிலை.

"ஆபரேஷன் வேணுமா?" இல்ல. முதல் ரெண்டு நிலைக்குமே தேவையில்ல. மூணுக்குக்கூட பெரும்பாலும் தேவைப்படாது. முழுசா விலகின மூட்டு உள்ள 83 பேரை வச்சு கனடாவுல ஓர் ஆய்வு செய்து 2015-ல வெளியிட்டாங்க. பிளேட் வச்சு ஆபரேஷன் செஞ்சவங்களை விட, ஸ்லிங்கும் பயிற்சியும் எடுத்தவங்க முதல் மூணு மாசம் கையை நல்லாவே பயன்படுத்தினாங்க. அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா தோள்ல ஒரு சின்ன மேடு நின்னுடும். எலும்பு பின்பக்கமா குத்தி நின்னாலோ, ரொம்பத் தூக்கித் தோலை முட்டினாலோ, கை மரத்துப் போனாலோ கதை வேற, சர்ஜனைப் பார்த்தே ஆகணும்.

அவருக்கு ஸ்லிங் பத்து நாள். முதல் ரெண்டு மூணு நாள் துணியில சுத்தின ஐஸ், ஒரு தடவைக்கு 15 நிமிஷம் (துறைமுகத்துக்காரங்களுக்கு ஐஸுக்கா பஞ்சம்?). விரல், மணிக்கட்டு, முழங்கை அசைவு முதல் நாள்ல இருந்தே. சட்டை போடும்போது அடிபட்ட கை முதல்ல உள்ள போகணும், கழட்டும்போது கடைசியா வெளிய வரணும். ராத்திரி மல்லாந்து படுத்து, முழங்கைக்குக் கீழ மடிச்ச போர்வை.

வலி குறைஞ்சதும், முன்னாடி குனிஞ்சு கையைத் தொங்கவிட்டு மெதுவா ஊஞ்சல் மாதிரி ஆட்டுறது. அப்புறம் சுவத்துல விரலால ஏணி ஏறுற மாதிரி ஏத்துறது. மூணாவது வாரம் தோள் உயரம் வரைக்கும் போனார். ஸ்லிங்கை வாரக்கணக்குல கழட்டாம இருக்கிறவங்களுக்குத்தான் பெரிய மூட்டு இறுகிப்போய், அது மாசக்கணக்குல படுத்தும்.

சிக்கல் அஞ்சாவது வாரம் வந்தது. வலி போயிடுச்சு, கை தலைக்கு மேல போகுது. ஜூன் 14-ஓட தடைக்காலம் முடியுது. "மொத நாளே கெளம்பணும் சார். போகலன்னா பங்கு கிடையாது."

வலி இல்லேங்கிறதும் லிகமென்ட் கூடிடுச்சுங்கிறதும் ஒண்ணில்ல. ஆறு வாரத்துல அங்க இருக்கிறது இளம் தழும்புதான். வலை இழுக்கிறப்போ ஈரமான பாரம், ஆடுற தளம், திடீர்னு ஒரு வெட்டு இழுப்பு. அதுல ரெண்டாம் நிலை மூணாம் நிலையாகலாம். "சும்மா வேடிக்கை பாத்துக்கிட்டு இருப்பேன்"னார். படகுல யாராவது சும்மா நிப்பாங்களா? அவர் மனைவியே சிரிச்சுட்டாங்க.

அதனால அங்கேயே சோதிச்சோம். கையைக் குறுக்கே இழுத்தார், லேசா குத்துச்சு. சுவத்துல கையை ஊன்றித் தள்ளினார், சரி. தரையில தண்டால் எடுக்கச் சொன்னேன், ரெண்டாவதுலயே முகம் சுருங்கிடுச்சு. அவருக்கே புரிஞ்சுது. அந்த முதல் நடைக்குப் போகல. கரையில வலை பழுது பார்க்கிற வேலைக்குப் போனார், தினம் ரப்பர் பட்டை இழுத்துத் தோள்பட்டை தசைக்குப் பயிற்சி செஞ்சார். வருமானத்துல அடிதான், அதை நான் மறுக்கல. குறுக்கே இழுத்தா வலி இல்ல, அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தா வலி இல்ல, தண்டால் பத்து சுத்தமா வருது: இந்த மூணும் சேர்ந்தது ஜூலை ரெண்டாவது வாரம். அப்பத்தான் படகு ஏறினார்.

இப்பவும் கையைத் தூக்கினா தோள்ல "டிக்"னு ஒரு சத்தம் வருதாம். வலியில்லாத சத்தத்துக்கு வைத்தியம் தேவையில்ல. சிலருக்கு வருஷங்கள் கழிச்சு அந்த மூட்டு தேஞ்சு, தலைக்கு மேல வேலை செஞ்சா வலிக்கும். அப்போ ஊசி இருக்கு, அதுலயும் கேட்கலைன்னா காறை எலும்போட நுனியைக் கொஞ்சம் சீவி விடுற சின்ன ஆபரேஷன் இருக்கு. மூணு மாசம் தாண்டியும் ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியலன்னா, மறுபடி ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க, பார்ப்போம்.