பழைய நகை வித்தா வரியா? அந்த ரெண்டு வருஷக் கணக்கு யாருக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. நகை விற்க யோசிப்பவர்கள் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள்.

போன கிழமை எங்கள் பாடசாலைக்கு ஒரு பிள்ளையின் உம்மா வந்திருந்தார். அக்குறணைப் பக்கம். பிள்ளையின் கணக்குப் பாடத்தைப் பற்றிப் பேசி முடித்து எழும்பும்போது, "டீச்சர், உங்களிட்ட இன்னொரு கணக்கும் கேக்கணும்" என்றார். வங்கியில் நாலு பவுண் காப்பு அடகில் இருக்கிறதாம். மீட்டு விற்று, கடனைக் கட்டி, மிச்சத்தை மகனின் படிப்புக்கு வைக்க நினைக்கிறார். ஆனால் இன்னும் நாலு மாதம் பொறுக்கிறாராம். ஏன் என்று கேட்டேன். "வாங்கி ரெண்டு வருஷம் ஆகல்ல டீச்சர். ரெண்டு வருஷத்துக்கு முந்தி வித்தா வரி கூடவாம், பிறகு வித்தா பன்னிரண்டரை வீதம் மட்டுந்தானாம். வீடியோவுல சொன்னாங்க."

அடகு வட்டி மாதம் ஐயாயிரம் ரூபா. நாலு மாதம் என்றால் 20,000 ரூபா. இல்லாத ஒரு வரிக்குப் பயந்து அந்தப் பணத்தைக் கட்டப் போகிறார்.

அந்த வீடியோ பொய் சொல்லவில்லை. நானும் தேடிப் பார்த்தேன், தமிழ்நாட்டில் ஒருவர் நன்றாக விளக்கியிருக்கிறார். பிரச்சினை என்னவென்றால் அது இந்தியச் சட்டம். நாங்கள் தமிழில் பார்க்கிற வீடியோக்களில் பாதிக்கு மேல் அங்கிருந்து வருபவை. சமையல் குறிப்பு என்றால் எந்த நாட்டுடையது என்று பார்க்கத் தேவையில்லை. வரி அப்படி இல்லை.

முதலில் இந்தியக் கணக்கைச் சொல்கிறேன். எங்களில் பலருக்கு காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் சொந்தம் இருக்கிறது. அங்கே கட்டிக்கொடுத்த பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது உண்மையாகவே தேவை.

இந்தியாவில் நகையும் ஒரு மூலதனச் சொத்து. வீட்டுத் தளபாடம், உடுப்பு போன்ற சொந்தப் பாவனைப் பொருட்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் நகையை அந்த விலக்கில் சேர்க்கவில்லை. கழுத்தில் போட்டிருந்த சங்கிலி என்றாலும் விற்று இலாபம் வந்தால் அந்த இலாபத்துக்கு வரி. விற்ற முழுத் தொகைக்கும் அல்ல, விற்ற விலையில் வாங்கிய விலையைக் கழித்து வரும் வித்தியாசத்துக்கு மட்டும். பழைய நகையைக் கடையில் கொடுத்துப் புதியது மாற்றினாலும் அது விற்பனைதான். அடகு வைப்பது விற்பனை அல்ல.

இனி கால அளவு. 2024 ஜூலை 23 வரை 36 மாதம் என்பதுதான் எல்லை. அதற்கு மேல் வைத்திருந்து விற்றால் நீண்டகால ஆதாயம், 20 வீதம். ஆனால் வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக்கொண்டு கழிக்கலாம். அதற்கு அரசாங்கமே வருடா வருடம் ஒரு சுட்டெண் வெளியிடுகிறது. 2001-02க்கு 100, 2012-13க்கு 200, 2024-25க்கு 363. அன்றைய தினம் நிர்மலா சீதாராமன் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில் இது மாறியது. எல்லை 24 மாதமானது, வீதம் 12.5 ஆனது, தங்கத்துக்குச் சுட்டெண் போட்டு விலையை உயர்த்தும் வசதி போய்விட்டது. 24 மாதமோ அதற்குக் குறைவோ வைத்திருந்து விற்றால் இலாபம் அந்த வருடத்து மற்ற வருமானத்தோடு சேர்ந்து, அவரவர் வருமான வீதத்தில் வரி. கூடிய சம்பளக்காரருக்கு அது 30 வீதம்.

20 பன்னிரண்டரை ஆனால் எல்லோருக்கும் இலாபம் என்றுதான் தோன்றும். கணக்குப் போட்டால் அப்படி வராது. அங்கே சம்பளம் எடுக்கும் ஒரு பெண் பத்துப் பவுண், அதாவது 80 கிராம் நகையை இந்திய ரூபா 5,20,000க்கு விற்கிறார் என்று வைப்போம். வீதத்துக்கு மேல் வரும் சின்னக் கூடுதல் வரியை விட்டுவிடுகிறேன். தொகைகள் எல்லாம் உதாரணத்துக்கு.

அதை அவர் 2012-13இல் 2,24,000க்கு வாங்கியிருந்தால், பழைய முறையில் வாங்கிய விலை 363ஆல் பெருக்கி 200ஆல் வகுக்கப்பட்டு 4,06,560 ஆகிறது. இலாபம் 1,13,440 மட்டும். 20 வீதம் என்றால் வரி 22,688. புதிய முறையில் இலாபம் 2,96,000, பன்னிரண்டரை வீதம் 37,000. வீதம் குறைந்தது, வரி கூடியது.

அதே நகையை 2022 ஜூனில் 3,80,000க்கு வாங்கி 2024 ஆகஸ்டில் விற்றிருந்தால் நிலைமை தலைகீழ். 26 மாதம்தான் ஆகியிருக்கிறது. பழைய சட்டத்தில் 36 மாதம் நிறையாததால் 1,40,000 இலாபம் சம்பளத்தோடு சேரும். 30 வீதக்காரர் என்றால் 42,000. புதிய சட்டத்தில் 24 மாதம் தாண்டிவிட்டது, 17,500தான். இன்னும் மூன்று மாதம் முந்தி, 23 மாதத்தில் விற்றால் புதிய சட்டத்திலும் அதே 42,000. வீடியோக்காரர் "ரெண்டு வருஷம் பொறுங்கள்" என்று அழுத்திச் சொன்னது இதற்காகத்தான். அவருடைய நாட்டில் அது நல்ல புத்திமதி.

உம்மும்மாவின் நகை என்றால் என்ன செய்வது? மரபுரிமையாகவோ அன்பளிப்பாகவோ வந்த நகைக்கு, கையில் கிடைத்த நாளிலிருந்து எண்ணுவதில்லை. முதலில் காசு கொடுத்து வாங்கியவர் வாங்கிய நாளிலிருந்து காலம் ஓடுகிறது, அவர் கொடுத்த விலையே விலை. அதனால் போன மாதம் கிடைத்த நகை என்றாலும் நீண்டகாலம்தான். 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியது என்றால் அன்றைய சந்தை விலையை வாங்கிய விலையாக எடுக்கலாம். எழுபதுகளில் செய்த வளையலுக்கு யாரிடம் பில் இருக்கும்? அதற்குத்தான் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் ஒரு சான்றிதழ் எடுக்கிறார்கள். அந்தப் பத்துப் பவுணின் 2001 பெறுமதி 32,000 என்று வைத்தால் புதிய முறையில் வரி 61,000, பழைய முறையில் 80,768. ஆகவே மிகப் பழைய நகைக்குப் புதிய முறை நல்லது, இடைப்பட்ட காலத்து நகைக்குக் கெட்டது. நானே இரண்டு தரம் போட்டுப் பார்த்துத்தான் நம்பினேன்.

வேறு வருமானமே இல்லாத, அங்கேயே வசிக்கும் வீட்டுப் பெண் விற்றால், நீண்டகால ஆதாயத்திலிருந்து அவருடைய வரியில்லா அடிப்படைத் தொகையைக் கழித்துவிட்டுத்தான் வரி. பலருக்கு ஒன்றுமே வராது. சொந்தக்காரருக்குச் சொல்லி வையுங்கள்.

இனி எங்கள் ஊர்.

இலங்கையில் மூலதன ஆதாய வரி 1958இல் வந்தது, 2002இல் எடுபட்டது, 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தோடு 2018 ஏப்ரல் 1 முதல் திரும்பவும் வந்தது. அந்தச் சட்டத்தில் மூலதனச் சொத்து என்றால் எவை என்று பட்டியலே இருக்கிறது. காணி, கட்டிடம். கம்பனியிலோ பங்குடைமையிலோ உள்ள உரித்து. பங்குகள், பிணையங்கள் போன்ற நிதிச் சொத்துகள். இவற்றின் மேல் உள்ள உரிமைகள். அவ்வளவுதான். நாங்கள் போட்டுக்கொள்கிற நகை அந்தப் பட்டியலில் இல்லை.

பட்டியலிலேயே இல்லாத பொருளுக்கு வீதம் என்ற கேள்வியே வராது. ஒரு மாதம் வைத்திருந்தாலும் ஒன்றுதான், நாற்பது வருடம் வைத்திருந்தாலும் ஒன்றுதான். கண்டி டவுனில் விற்றாலும் கொழும்பு செட்டியார் தெருவில் விற்றாலும் உங்கள் சொந்த நகையின் இலாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது.

காணிக்குக்கூட எங்கள் சட்டத்தில் இரண்டு வருடம், மூன்று வருடம் என்று வீதம் மாறுவதில்லை. காலம் வருவது இரண்டு இடத்தில். ஒன்று, குடியிருக்கும் வீடு. விற்பதற்கு முந்திய மூன்று வருடமும் தொடர்ச்சியாக உங்கள் பெயரில் இருந்து, அதில் இரண்டு வருடமாவது நீங்கள் குடியிருந்திருந்தால் அதற்கு விலக்கு. மற்றது, 2017 செப்டெம்பர் 30இல் உங்களிடம் இருந்த காணிக்கு அன்றைய சந்தைப் பெறுமதிதான் வாங்கிய விலை. இந்தியாவில் 2001 செய்கிற வேலையை இங்கே அந்தத் திகதி செய்கிறது. மடவளையில் வாப்பாவின் காணியைப் பிரித்து விற்கப் போகிறவர்கள் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு விடயத்தில் மட்டும் கவனம். சிலர் விலை குறையும்போது தங்கக் காசு வாங்கி, ஏறும்போது விற்று, திரும்ப வாங்கி, இதையே வாடிக்கையாகச் செய்கிறார்கள். அது நகை விற்பது அல்ல, வியாபாரம். அந்தத் தங்கம் வியாபாரச் சரக்கு, இலாபம் வியாபார வருமானம். சம்பளம், வாடகை எல்லாவற்றோடும் சேர்த்துக் கணக்கெடுக்க வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை தனிநபர் நிவாரணம் இருக்கிறது, அதற்கு மேல் போனால் 6 வீதத்தில் தொடங்கி 36 வரை ஏறும். அங்கேயும் எவ்வளவு காலம் வைத்திருந்தீர்கள் என்பதற்குத் தனி வீதம் இல்லை. ஆனால் வாங்கி மூன்று கிழமையில் விற்பதும், அதைத் திரும்பத் திரும்பச் செய்வதும் வியாபாரம் என்பதற்கு அடையாளம். கல்யாணக் காப்பை ஒரு தரம் விற்ற பெண்ணை யாரும் வியாபாரி என்று சொல்ல முடியாது.

(சகாத்தின் ஒரு வருடக் கணக்கு முற்றிலும் வேறு. அதை இதோடு கலக்க வேண்டாம், உலமாக்களிடம் கேளுங்கள்.)

அந்த உம்மாவிடம் இதைத்தான் சொன்னேன். தங்க விலை ஏறும் என்று பொறுப்பதானால் அது உங்கள் விருப்பம், ஏறலாம், இறங்கவும் செய்யலாம். வரிக்காகப் பொறுக்க ஒரு நாள்கூடத் தேவையில்லை. "அப்ப கடைக்காரர் வெட்டுறது என்ன டீச்சர்?" என்று கேட்டார். நல்ல கேள்வி.

பழைய நகையைக் கொடுக்கும்போது குறைவது வரியால் அல்ல. வாங்கும்போது நீங்கள் கொடுத்த கூலியும் சேதாரமும் திரும்ப வராது. கல், அரக்கு, பொடி எடையில் கழியும். ஒட்டு வைத்த இடங்கள் கூடிய நகை என்றால் உருக்கினால் மாற்றுக் குறையும், அதற்கும் கழிப்பார்கள். 22 கரட் என்று வாங்கியது உரைத்துப் பார்த்தால் அதற்குக் கீழே நிற்பதும் உண்டு. இவையெல்லாம் பேரம் பேசக்கூடிய விடயங்கள். இரண்டு மூன்று கடையில் நிறுத்துக் கேட்கலாம், என்ன காரணத்துக்கு எவ்வளவு கழித்தீர்கள் என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லலாம். யாராவது "உங்கள் நகைக்கு இலாப வரி கழித்தோம், ரெண்டு வருஷம் ஆகல்லதானே" என்று சொன்னால், அப்படி ஒரு வரி இங்கே இல்லை. நகையைத் திருப்பி வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

விற்றால் கடையின் ரசீதை வாங்கி வையுங்கள். திகதி, எடை, தொகை, உங்கள் பெயர் அதில் இருக்கட்டும். பெரிய தொகையை ஒரேயடியாகக் கணக்கில் போட்டால் எங்கிருந்து வந்தது என்று வங்கியில் கேட்பார்கள், அப்போது அந்தத் துண்டுதான் பேசும். அடகில் இருந்து மீட்டு விற்றதென்றால் மீட்ட சீட்டையும் அதோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.