மகளின் கலியாண அல்பமும் நான் எழுதிய கடிதமும்



ஒரு மௌலவி கலியாண போட்டோவைப் பற்றி எழுதுகிறாரே என்று சிலர் முகம் சுளிக்கலாம். படம் பற்றிய உலமாக்களின் கருத்து வேறுபாட்டை நான் அறியாதவனல்லன். அந்த விவாதம் வேறு. கூலி பேசி, காசு கொடுத்து, சொன்ன பொருள் சொன்னபடி வராமற்போனால் என்ன செய்வது என்பதே இங்கு விஷயம். நம் பெண்கள் இதில் அழுதுவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டிலும் முதலில் அதுதான் நடந்தது.

என் மூத்த மகளின் கலியாணம் ஒரு ஜனவரி மாதத்தில், கல்முனையில் எங்கள் வீட்டிலேயே நடந்தது. போட்டோ பிடிக்க ஊரில் பேர் எடுத்த ஒரு தம்பியிடம் பேசினோம். ஆண்கள் பக்கம் அவர், பெண்கள் பக்கம் அவர் கூட்டி வரும் ஒரு பெண் பிள்ளை என்று ஏற்பாடு. கூலி மொத்தம் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபா. அதற்கு அவர் தருவதாகச் சொன்னவை: நாற்பது தாள் உள்ள ஓர் அல்பம், நிறம் திருத்தி அழகாக்கிய 150 படங்கள், சுவரில் மாட்ட ஒரு ஃப்ரேம், எடுத்த எல்லாப் படங்களும் அடங்கிய ஒரு பென் ட்ரைவ். நாற்பத்தைந்து நாளில் தருவதாகவும் எழுதித் தந்தார். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்தது நாங்கள் செய்த ஒரு நல்ல காரியம். செய்த பிழை, கலியாண இரவே மிச்சக் காசு முழுவதையும் கையில் கொடுத்ததுதான்.

மார்ச் நடுப்பகுதியில் தவணை முடிந்தது. கேட்டால், "மௌலவி, சீசன் வேலை கூடிப் போச்சு, வார கிழமை தாறன்" என்பார். பிறகு "கொழும்பில பிரின்ட் போட்டிருக்கு" என்றார். ஜூன் மாதத்தில் என் உம்மா, பிள்ளைகளுக்கு மூத்தம்மா, வபாத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பேத்தியின் தலையில் கைவைத்து துஆக் கேட்ட அந்த நேரத்தைப் பெண் பிள்ளை படம் பிடித்தாள் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் படத்துக்காகத்தான் காத்திருந்தோம்.

ஆகஸ்ட் மாதத்தில் அல்பம் வந்தது. முப்பத்திரண்டு தாள்தான் இருந்தது. திருத்திய படங்கள் 97. உம்மாவின் படம் எங்கும் இல்லை.

என் மகன் பென் ட்ரைவைக் கொம்பியூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றைக் காட்டினான். கெமரா தானாகவே ஒவ்வொரு படத்துக்கும் தொடர் இலக்கம் போடுகிறது. இரண்டு கெமராவுக்கும் இரண்டு தொடர். பெண்கள் பக்கக் கெமராவின் படங்கள் DSC_0322 இல் தொடங்கி DSC_1001 வரை போயின. நடுவில் DSC_0731 க்கு அடுத்த படம் DSC_0902. இடையில் 170 இலக்கங்களைக் காணவில்லை.

இதைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். இலக்கம் விடுபட்டதெல்லாம் மோசடி அல்ல. கண் மூடிய படம், ஆடிப்போன படம், ஒரே படம் இரண்டு தரம் வந்தது ஆகியவற்றைப் படப்பிடிப்பாளர்கள் கழித்துவிடுவார்கள். அப்படிக் கழித்தால் இங்கொன்றும் அங்கொன்றுமாக இலக்கம் குறையும். 9999 வந்தபின் தொடர் மறுபடி 0001 இலிருந்து தொடங்குவதும் உண்டு. ஆனால் நடுவில் நூற்று எழுபது ஒரே தொடராக இல்லையென்றால் அது கழித்தல் அல்ல. படம் எடுக்கப்பட்டு, பிறகு தொலைந்திருக்கிறது.

மகன் கொதித்தான். "வாப்பா, பேரையும் கடையையும் போட்டு பேஸ்புக்கில எழுதுவம்" என்றான். வேண்டாம் என்றேன். இமாம் நவவி அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் புறம் பேசல் ஆகுமாகும் ஆறு இடங்களைக் குறிப்பிடுகிறார்கள். அவற்றில் முதலாவது, அநீதி இழைக்கப்பட்டவர் தனக்கு நியாயம் பெற்றுத்தரக் கூடியவரிடம் முறையிடுவது. பேஸ்புக்கில் கூடும் கூட்டத்துக்கு நியாயம் வாங்கித் தரும் சக்தி இல்லை. பேசித் திரியும் சக்திதான் இருக்கிறது. முதலில் அவரிடம், பிறகு அதிகாரம் உள்ளவரிடம். அதுதான் ஒழுங்கு.

எவ்வளவு காசு திருப்பிக் கேட்பது? மனைவி "முழுக் காசையும் கேளுங்க" என்றார். மனசுக்கு அது சரியாகப் படும்; கணக்குக்குச் சரிவராது. அவர் வந்து நின்றார், படம் எடுத்தார், ஓர் அல்பமும் தந்தார். செய்த வேலைக்குக் கூலி அவருடையது. செய்யாத பங்குக்குத்தான் நாம் கை நீட்டலாம். எனவே அவர் எழுதித் தந்த தாளையே எடுத்தேன். அதில் கூலி பிரித்துக் காட்டப்பட்டிருந்தது: படம் எடுக்க எண்பதாயிரம், அதில் பெண் பிள்ளையின் பங்கு இருபத்து நாலாயிரம், அல்பத்துக்கு அறுபதாயிரம், 150 படம் திருத்த முப்பதாயிரம், ஃப்ரேமுக்குப் பத்தாயிரம்.

திருத்தாத படம் 53, ஒன்றுக்கு 200 ரூபா வீதம் 10,600. அல்பத்தில் நாற்பதில் எட்டுத் தாள் குறைவு, ஐந்தில் ஒரு பங்கு, 12,000. பெண்கள் பக்கம் எடுத்த 680 இல் 170 தொலைந்தது, நாலில் ஒரு பங்கு, 6,000. ஆக மொத்தம் 28,600 ரூபா.

தாமதத்துக்கு ஒரு சதமும் சேர்க்கவில்லை. காரணம், பிந்தினால் இவ்வளவு குறைப்பேன் என்று நாங்கள் முதலிலேயே பேசவில்லை. எங்கள் பாடநூல்களில் தையற்காரன் மஸ்அலா ஒன்று உண்டு. "இன்று தைத்தால் ஒரு திர்ஹம், நாளை தைத்தால் அரைத் திர்ஹம்" என்று பேசினால் செல்லுமா என்பதில் இமாம்கள் வேறுபட்டார்கள். இமாம் அபூஹனீபாவின் மாணவர்களான அபூயூஸுபும் முஹம்மதும் இரண்டு நிபந்தனையும் செல்லும் என்றார்கள். வேறு சிலர் ஏற்கவில்லை. ஆனால் அந்த வாதம் எல்லாமே முன்கூட்டிப் பேசிய நிபந்தனையைப் பற்றியது. பேசாத ஒன்றை வேலை முடிந்தபின் நானாக விதிப்பதற்கு அங்கே இடம் இல்லை. தவணை உள்ள கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி ஸூரா பகராவின் 282 ஆம் வசனம் ஏன் அவ்வளவு விரிவாகச் சொல்கிறது என்பது இப்படி நமக்கே வரும்போதுதான் விளங்குகிறது.

கடிதம் ஒரு பக்கம்தான். பேசிய திகதி, தருவதாகச் சொன்ன திகதி, தந்த திகதி, சொன்னதும் வந்ததும், விடுபட்ட இலக்கங்கள், கணக்கு, பதில் தர பதினான்கு நாள். கோபச் சொல் ஒன்றும் இல்லை. "மிச்சப் படங்களைத் திருத்தித் தர முடிந்தால் அந்தப் பங்குக்குக் காசு வேண்டாம்" என்றும் எழுதினேன். பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதி ஒன்றை வைத்துக்கொண்டேன். உடன்பாடு வராவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போவேன் என்பதே கடைசி வரி. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த அந்தச் சபையில் வழக்கறிஞருக்கு வேலை இல்லை. மத்தியஸ்தர்கள் இரு தரப்பையும் இருத்திப் பேசுவார்கள். இணக்கம் வந்தால் எழுத்தில் பதிவார்கள். வராவிட்டால் வரவில்லை என்று சான்றிதழ் தருவார்கள்.

இன்னொரு வாசலும் உண்டு. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி இயங்குகிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விசாரிக்கலாம். ஆனால் சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்பது சட்டம். "வார கிழமை" என்ற பேச்சை நம்பி இருந்தால், நாளை எப்போதிலிருந்து எண்ணுவது என்ற தர்க்கமே நமக்கு எதிராகும். ஆகவே தவணை தவறியதும் முதற் கடிதத்தை எழுதிவிடுங்கள்.

பத்தாம் நாள் மஃரிபுக்குப் பிறகு அந்தத் தம்பியே வந்தார். தேத்தண்ணி கொடுத்து இருத்தினோம். தலை குனிந்தபடி உண்மையைச் சொன்னார். அன்று பெண் பிள்ளை கெமராவில் கார்டுகளை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறாள். ஒரு கார்டைக் கொம்பியூட்டரில் இறக்க மறந்து, பெப்ரவரியில் அடுத்த கலியாணத்துக்கு அழித்துப் பாவித்துவிட்டார்கள். பயத்தில் சொல்லாமல் நாள் கடத்தியிருக்கிறார். தாமதத்தின் வேர் இதுதான்.

கேட்ட எனக்கு நெஞ்சு வலித்தது. ஏனென்றால் அழித்த கார்டிலிருந்தும் படத்தை மீட்க வழி இருக்கிறது, அதன்மேல் புதுப் படம் எழுதப்படாதவரைக்கும். கலியாணம் முடிந்த அந்தக் கிழமையே திருத்தாத படங்களின் பிரதியை வாங்கி இலக்கத்தைப் பார்த்திருந்தால், கார்டு அப்போது கையில் இருந்திருக்கும். ஏழு மாதத்தில் அதன்மேல் எத்தனையோ கலியாணங்கள் எழுதப்பட்டுவிட்டன.

"தம்பி, அன்றைக்கே சொல்லியிருந்தா உங்களை நான் ஏசியிருப்பன், அவ்வளவுதான்" என்றேன். அவர் கண் கலங்கினார். இருக்கும் படங்களிலிருந்து மகள் தெரிவு செய்யும் 53 ஐயும் இரண்டு கிழமையில் திருத்தித் தருவதாக ஒத்துக்கொண்டார், தந்தார். கட்டிய அல்பத்தில் தாள் சேர்க்க முடியாது. ஆகவே அல்பத்துக்கும் தொலைந்த படங்களுக்குமாக 18,000 ரூபாவை இரண்டு தவணையில் தந்து முடித்தார். இருவரும் ஒரு தாளில் கையெழுத்து வைத்தோம்.

கடைசியாக மகள் ஒன்று கேட்டாள். பெண்கள் பக்கப் படங்கள் அவருடைய கொம்பியூட்டரில் இருக்கக்கூடாது, விளம்பரத்துக்கும் போடக்கூடாது என்றாள். நியாயமான கேள்வி. அதையும் அந்தத் தாளில் எழுதினோம். ஆனால் எல்லாப் படமும் எங்கள் கைக்கு வந்து, எண்ணி, இரண்டு இடத்தில் பிரதி வைத்த பிறகுதான் அழிக்கச் சொன்னோம். அவசரத்தில் முதலிலேயே அழிக்கச் சொல்லியிருந்தால் இருந்ததும் போயிருக்கும்.

உம்மாவின் படம் கிடைக்கவில்லை. மகள் தெரிவு செய்த ஐம்பத்து மூன்றில் ஒன்றில், ஓரத்தில், வெள்ளைத் துப்பட்டியும் ஒரு கையும் மட்டும் தெரிகின்றன. உம்மாவின் கைதான்; வளையலைப் பார்த்தால் எங்களுக்குத் தெரியும். அதைத்தான் மகள் ஃப்ரேமில் போடச் சொன்னாள். அல்லாஹ் அவர்களின் கப்ரை விசாலமாக்குவானாக. ஆமீன்.