கம்பனியின் ஆளா, மேன்பவரின் ஆளா? போனிலேயே கேளுங்கள்

உயர்தரம் முடித்த நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இப்போது கொழும்பிலிருந்து வேலைக்கான அழைப்புகள் வருகின்றன. பெரிய கம்பனியின் பெயரைச் சொல்கிறார்கள், சம்பளத்தைச் சொல்கிறார்கள், திங்கட்கிழமை வரச் சொல்கிறார்கள். சம்பளம் எந்தக் கம்பனியிலிருந்து வரும் என்று மட்டும் பெரும்பாலும் சொல்வதில்லை. நம்ம பிள்ளைகள் கேட்பதுமில்லை. கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம்.

என்னிடம் படித்த ஒரு மாணவனுக்குப் போன மாதம் அப்படி ஓர் அழைப்பு வந்தது. தொலைபேசி வாடிக்கையாளர் சேவை வேலை. என்னிடம் வந்து, "சேர், கம்பனி நல்ல கம்பனி, போகவா?" என்று கேட்டான். என் பக்கத்தில் இருந்துகொண்டே அந்த அலுவலருக்குத் திருப்பி எடுத்துப் பேசச் சொன்னேன்.

"இது கம்பனியின் சொந்த வேலையா, மேன்பவர் மூலமா?" என்று கேட்டான். "தம்பி, நீங்க அந்தக் கம்பனியிலதான் வேலை செய்வீங்க" என்று பதில் வந்தது. இது எங்கே வேலை செய்வோம் என்பதற்கான பதில். யார் நம் முதலாளி என்பதற்கான பதில் அல்ல. அதனால் இரண்டாவது கேள்வியைக் கேட்கச் சொன்னேன்: "நியமனக் கடிதம் யாருடைய லெட்டர்ஹெட்டில் வரும்? ஈபிஎஃப், ஈடிஎஃப் யாருடைய பெயரில் கட்டுவீங்க?" இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல முடியாது. கொஞ்சம் தயங்கிவிட்டு, ஒரு மேன்பவர் நிறுவனத்தின் பெயரைச் சொன்னார். ஒரு வருட ஒப்பந்தம், பிறகு புதுப்பிக்கலாம் என்றார்.

ஒன்றைக் கவனியுங்கள். அழைப்பவர் வேறு ஏஜென்சிக்காரர் என்பதற்காக வேலையும் ஏஜென்சி வேலைதான் என்று முடிவு செய்யக்கூடாது. ஆள் தேடிக் கொடுப்பதற்கு மட்டும் ஏஜென்சியை வைத்துக்கொண்டு, கடிதத்தைத் தாமே கொடுக்கும் கம்பனிகளும் உண்டு. கடிதத்தில் 'தொழில் வழங்குநர்' யார் என்பதுதான் முடிவான பதில். சட்டையில் எந்தக் கம்பனியின் சின்னம் இருக்கிறது என்பது கணக்கில் வராது.

மேன்பவர் என்றாலும் ஈபிஎஃப்புக்கு உங்கள் பங்கு 8%, முதலாளியின் பங்கு 12%, ஈடிஎஃப்புக்கு முதலாளி தரும் 3% எல்லாம் சட்டப்படி கிடைக்க வேண்டும். அதில் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் தெரிவது பணிக்கொடையில், அதாவது கிரச்சுவிட்டியில்.

1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளியிடம் ஐந்து வருடங்கள் பூர்த்தி செய்தவருக்கு, மாதச் சம்பளக்காரர் என்றால், கடைசிச் சம்பளத்தில் பாதி வீதம் ஒவ்வொரு வருடத்துக்கும் கொடுக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு தம்பி ஒரே கட்டிடத்தில், ஒரே மேசையில், ஆறு வருடம் வேலை செய்தார். கடைசிச் சம்பளம் 48,000 ரூபா. ஒரே முதலாளியாக இருந்திருந்தால் 24,000 ஐ ஆறால் பெருக்கி 144,000 ரூபா கிடைத்திருக்கும். ஆனால் நான்காவது வருட முடிவில் அந்தக் கம்பனி மேன்பவர் நிறுவனத்தை மாற்றியது. ஆட்கள் அதே ஆட்கள்தான், கடிதம் மட்டும் புதிது. முதல் நிறுவனத்தில் நான்கு வருடம், இரண்டாவதில் இரண்டு வருடம். இரண்டிலும் ஐந்து நிரம்பவில்லை என்று சொல்லி இரண்டு பேரும் கையை விரித்தார்கள். தொழில் அலுவலகத்தில் முறையிடலாம்தான். ஆனால் கையிலுள்ள கடிதங்கள் இரண்டு முதலாளிகளைக் காட்டும்போது, தொடர்ந்த சேவை என்று நிரூபிப்பது லேசான காரியமில்லை.

அதனால் மேன்பவர் என்று தெரிந்த பிறகு இன்னும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். அந்த நிறுவனத்துக்கும் கம்பனிக்கும் உள்ள ஒப்பந்தம் எப்போது முடிகிறது, நிறுவனம் மாறினால் என் பழைய சேவைக்காலத்தைப் புதியவர் ஏற்பாரா? போன வருடம் இப்படிச் சேர்ந்தவர்களில் எத்தனை பேரைக் கம்பனி தன் சொந்த ஆளாக எடுத்தது? "ஆறு மாதத்தில் பேர்மனன்ட்" என்று வாயால் சொன்னால், அதைக் கடிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அது நடக்காது என்று வைத்துக்கொண்டே முடிவெடுங்கள்.

என் மாணவன் அந்த வேலைக்குப் போனான். முதல் வேலை, அனுபவம் தேவை, இரண்டு வருடம் செய்துவிட்டு மாறுவதாகத் திட்டம். அவனுக்கு அது சரியான முடிவுதான். அங்கேயே பத்து வருடம் இருக்கலாம் என்ற நினைப்போடு ஏறுகிறவருக்கு அதே வேலை வேறு கணக்கு. யாராக இருந்தாலும், பஸ் ஏறுவதற்கு முன் நியமனக் கடிதத்தின் மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, மேலே இருக்கும் பெயரை வாசித்துவிட்டுப் போங்கள்.