N999க்குப் பின்னால்

நண்பர்கள் சிலர் நடத்தும் சிறு நூலகம் ஒன்றின் பட்டியலைச் சீர்செய்யும் வேலை என்னிடம் வந்தது. கவிதைக்கு K, நாவலுக்கு N என ஓர் எழுத்து. அதையடுத்து நூல் வந்து சேர்ந்த வரிசையில் ஓர் எண். பழைய கைப்பேரேட்டிலிருந்து N1204 வரை எக்செல்லில் ஏற்றியிருந்தார்கள். அலமாரியிலோ N1000 என்ற சீட்டுடன் மூன்று நாவல்கள் நின்றன.

கணினிக்கு N1204 என்பது எண் அன்று. ஐந்து குறிகளின் கோவை. அகராதியில் சொற்களை அடுக்குவதைப் போல இடப்புறமிருந்து ஒவ்வொரு குறியாக ஒப்பிடுகிறது. N10, N2 இரண்டிலும் முதல் வேறுபாடு 1க்கும் 2க்கும் இடையில். 1 சிறியது, ஆகவே N10 முந்துகிறது. அதன்பின் எத்தனை இலக்கம் இருந்தாலும் பொருட்டில்லை. இப்படி அடுக்கிய பட்டியலின் கடைசி வரி N999. புதுநூலுக்கு எண்ணிடுபவர் அதைப் பார்த்து N1000 என்று எழுதுகிறார். மறுவாரம் மீண்டும் அடுக்கினால், கடைசியில் அதே N999!

N0009 என்று முன்னால் சுழியங்கள் இட்டாலும் சரியாகிவிடும். ஆனால் ஆயிரத்துக்கு மேற்பட்ட நூல்களின் முதுகில் ஒட்டிய சீட்டுகளை யார் மாற்றுவது? குறியீட்டைத் தொடாமல், பக்கத்தில் ஒரு நிரலில் எண்ணை மட்டும் பிரித்தெடுத்தேன்.

```
=LEFT(A2,1)
=VALUE(MID(A2,2,9))
```

முதல் சூத்திரம் எழுத்தைத் தருகிறது; அடுத்தது இரண்டாம் குறியிலிருந்து மீதியை எடுத்து எண்ணாக்குகிறது. VALUE முக்கியம், அது இல்லையேல் கிடைப்பது எண் போலத் தோன்றும் எழுத்துதான், பழைய குழப்பம் தொடரும். பிறகு முழு அட்டவணையையும் தேர்ந்து, முதலில் எழுத்து, அடுத்து எண் என அடுக்க, N1204 தன் இடத்துக்கு வந்தது.

சில வரிகளில் மட்டும் #VALUE! என்று நின்றது. அவை N312A, N312B போன்றவை. ஒரே நாவலின் பாகங்கள். 312A என்பதை எண்ணாக்க முடியாதல்லவா? கடைசி எழுத்தை மூன்றாவது நிரலுக்கு நகர்த்தி, எண் சமமாகும்போது அதைக் கொண்டு அடுக்கினேன்.

இம்முறை எல்லாக் குறியீட்டுக்கும் பொருந்தாது. டூயி பகுப்பில் தமிழ் இலக்கியம் 894.811, தமிழ்ப் புனைகதை 894.8113, தெலுங்கு இலக்கியம் 894.827. புள்ளிக்குப் பின்னுள்ளதை முழு எண்ணாகப் பிரித்தெடுத்தால் 8113, 827ஐவிடப் பெரிது. தமிழ் நாவல்கள் தெலுங்குக்கு அப்பால் போய்விடும். அங்கே தசமமாகவே ஒப்பிட வேண்டும். இலக்கம் இலக்கமாகப் பார்க்கும் அந்த அகராதி முறையே சரியான வரிசையைத் தருகிறது.